லென்ஸையும் பிரேமையும் ஒரே பதிவில் எழுதுங்கள்: யாழ்ப்பாணத்து மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண நகரிலும் சுற்றுப்புறத்திலும் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அந்தக் கடைகளின் முகநூல், வட்ஸ்அப் பதிவுகளை எழுதும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் தீபாவளி, தைப்பொங்கல் நாட்களிலும் உங்கள் கடைகளின் சலுகைப் பதிவுகள் எங்கள் கைபேசிகளை நிறைக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுத்தான் இன்று பலர் கடைப்படி ஏறுகிறார்கள். லென்ஸ் வெட்டிப் பிரேமில் பொருத்தும் மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், அந்தப் பதிவுகளைச் சற்று உன்னிப்பாகவே படித்துவருகிறேன். விலை கூவுவதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. கடை என்றால் விற்கத்தான் வேண்டும். என் வேண்டுகோள் இரண்டே இரண்டு. லென்ஸைப் பற்றி எழுதும்போது அது ஒளியை என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள், கண்ணின் நோயை என்ன செய்யும் என்று எழுதாதீர்கள். பிரேமுக்குச் சலுகை கொடுக்கும்போது, அந்தப் பிரேம் எந்த லென்ஸுக்கு ஒத்துவரும், எதற்கு ஒத்துவராது என்பதையும் அதே பதிவில் எழுதுங்கள்.

பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டால் யாருக்கும் உதவாது. ஆகவே அடிக்கடி கண்ணில் படும் ஒரு பதிவின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். இது எந்த ஒரு கடையினதும் பதிவு அல்ல. பலவற்றிலும் மாறி மாறி வரும் வரிகளை நானே சேர்த்து எழுதியது. ‘புளூ கட் லென்ஸ், விழித்திரையைப் பாதுகாக்கும், தலைவலியைப் போக்கும், பிள்ளைகளின் பவர் கூடாது. அல்ட்ரா ஸ்லிம் லென்ஸ், பாதித் தடிப்பு. புரோகிரெசிவ் லென்ஸ் எடுத்தால் விரும்பிய பிரேம் இலவசம், எல்லாத் தூரமும் தெளிவு. முழுமையான கண் பரிசோதனை இலவசம்.’ இந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட அப்படியே நிற்கக்கூடியதல்ல. ஆனால் நான்குக்கும் பின்னால் உண்மையான, விற்கத்தக்க பொருள் ஒன்று இருக்கிறது. அந்த உண்மையை எழுதினாலே போதும்.

முதலில் புளூ கட். இந்த லென்ஸ் நீல ஒளியில் ஒரு பகுதியைக் குறைக்கிறது என்பது சரி. எவ்வளவு என்றால், சந்தையில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை 10 முதல் 25 சதவீதம்வரைதான் குறைக்கின்றன. அதனால் கண்களைப்பு குறைகிறதா என்பதைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட மீளாய்வு, 17 பரிசோதனை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினித் திரை பார்ப்பவர்களின் கண்களைப்பு, சாதாரண லென்ஸோடு ஒப்பிடும்போது, குறுகிய காலத்தில் இந்த லென்ஸால் குறைவதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. விழித்திரையைப் பாதுகாக்கிறதா என்பதற்கு அந்த ஆய்வுகளில் தரவே இல்லை. கணினி வேலைக்கென்று இத்தகைய கண்ணாடியைத் தாம் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகமும் சொல்லிவருகிறது. பிரித்தானியாவில் பெரிய கடைத்தொடர் ஒன்று, இத்தகைய லென்ஸை விழித்திரைப் பாதிப்போடு தொடர்புபடுத்தி விளம்பரம் செய்தது. அந்த விளம்பரத்துக்காக, கண்ணாடித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை 2017இல் அந்தத் தொடருக்கு 40,000 பவுண் தண்டம் விதித்தது. அங்கே தண்டம் வாங்கித் தந்த கருத்தைத்தான் இங்கே நாம் பூமாலை போட்டுப் பதிவிடுகிறோம்.

இதைச் சொன்னால், ‘நாங்கள் கண்முன்னே செய்து காட்டுகிறோமே’ என்று கடைப் பிள்ளைகள் கேட்பார்கள். நீல நிற லேசர் பேனையை ஒரு அட்டையில் அடிக்கிறார்கள், அட்டை ஒளிர்கிறது. இடையில் லென்ஸைப் பிடிக்கிறார்கள், ஒளி நின்றுவிடுகிறது. பார்ப்பவருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படுவதில்லை, அந்தக் காணொளிக்கு விருப்பக்குறியும் நிறைய விழுகிறது. ஆனால் லென்ஸோடு வரும் அந்தப் பேனைகள் பெரும்பாலும் 405 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒளிவிடுபவை. அது ஊதாவின் ஓரம், புற ஊதாவுக்கு அடுத்த வீடு. கைபேசி, கணினித் திரைகளின் நீல ஒளி உச்சம் கொள்வதோ 450 நானோமீற்றரை அண்டி. லென்ஸின் மூலப்பொருள் 405ஐ ஏறத்தாழ முழுதாக விழுங்கிவிடும், 450ஐ அதிகமாக உள்ளே விட்டுவிடும். ஆகவே அந்தச் செய்துகாட்டல் பொய்யல்ல, ஆனால் திரையின் ஒளியைப் பற்றி அது எதையும் காட்டுவதில்லை. சோதித்துப் பார்க்க விரும்பினால் லென்ஸை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 450க்கு அருகே கணிசமாக வெட்டும் லென்ஸ் என்றால் காகிதம் தெளிவாக மஞ்சளிக்கும். நீங்கள் ‘நிறமே தெரியாத புளூ கட்’ என்று விற்பது திரையின் நீலத்தைப் பெரிதாக வெட்டாத லென்ஸ்தான். இரண்டு நன்மையும் ஒன்றாகக் கிடைக்காது. மஞ்சளிப்புள்ள லென்ஸைக் கன்னாதிட்டியில் நகை வேலை செய்பவருக்கோ, புடவைக் கடையில் நிறம் பார்த்துக் கொடுப்பவருக்கோ கொடுக்கும்போது, வெள்ளை சற்று மாறித் தெரியும் என்று முன்னரே சொல்லிவிடுவது மரியாதை.

திரை பார்த்தால் கண் களைப்பது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் காரணம் வேறு. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இமைக்கிறது. மின்விசிறிக் காற்றில் கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சல் எடுக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் தசை நெடுநேரம் கிட்டத்துக் குவிந்தே நிற்கிறது. அதோடு திருத்தப்படாத சிறிய பவரோ, நாற்பதைக் கடந்தவரானால் தொடக்க நிலை வெள்ளெழுத்தோ சேர்ந்துவிட்டால் தலைவலியும் வரும். சரியான பவர் போட்டதும் அந்தத் தலைவலி நின்றிருக்கும். பெயர் மட்டும் புளூ கட்டுக்குப் போயிருக்கும். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சும் அதே லென்ஸில் சேர்ந்தே வருவதால் பெயர் இன்னும் இலகுவாக மாறுகிறது. பூச்சில்லாத சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸின் இரு பக்கங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 8 சதவீத ஒளி திரும்பிப் போகிறது. நல்ல பூச்சுப் போட்டால் அது ஒரு சதவீத அளவுக்கு இறங்கும். இரவில் எதிரே வரும் வாகன விளக்கின் பிம்பம் லென்ஸில் ஆடுவது குறையும், ஒளிப்படத்தில் கண் மறையாது. இது யாரும் மறுக்க முடியாத நன்மை. இதை எழுதி விற்பதற்கு ஏன் தயங்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

‘பிள்ளைகளின் பவர் கூடாது’ என்ற வரி எல்லாவற்றிலும் மோசமானது, ஏனென்றால் அதை நம்புவது பெற்றோர். கிட்டப்பார்வையுள்ள பிள்ளையின் கண்கோளம் வளரும்போது மைனஸ் பவர் கூடுகிறது. புளூ கட் அதை நிறுத்தாது, சாதாரண லென்ஸும் நிறுத்தாது. பவர் கூடும் வேகத்தைக் குறைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட லென்ஸ்கள் இப்போது இருக்கின்றன. அவற்றின் நடுவில் தெளிவான வட்டமும், அதைச் சுற்றி மிகச் சிறிய வில்லைகளின் கூட்டமும் இருக்கும். அவையும் வேகத்தைக் குறைப்பவைதான், நிறுத்துபவை அல்ல. கண் மருத்துவரின் அல்லது பயிற்சி பெற்ற பார்வை அளவையாளரின் கண்காணிப்பில், குறித்த இடைவெளியில் அளந்து பார்த்தே அவற்றைப் பயன்படுத்த வேண்டும். அவற்றுக்குக் கிடைத்த ஆய்வுப் பெயரை வேறொரு லென்ஸின் மேல் ஒட்டுவது பெற்றோரின் ஓராண்டைக் களவாடுவதற்குச் சமம். அந்த ஓராண்டில் பிள்ளையின் கண் வளர்ந்துவிடும்.

இனி ‘அல்ட்ரா ஸ்லிம், பாதித் தடிப்பு’. பிரேமை விட்டுவிட்டு லென்ஸை மட்டும் பேசினால் என்ன நடக்கும் என்பது இங்கேதான் நன்றாகத் தெரியும். ஒரு கணக்காகவே பார்ப்போம். திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். இரு கண்ணுக்கும் மைனஸ் 6, இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் 62 மில்லிமீற்றர். சலுகைத் தட்டில் அவர் எடுப்பது இப்போது எல்லோரும் விரும்பும் பெரிய வட்டப் பிரேம். காதுக்கம்பியின் உட்புறத்தில் 54, 18 என்று எழுதியிருக்கிறது. 54 என்பது ஒரு கண்ணின் அகலம், 18 என்பது மூக்கின் மேல் உள்ள பாலம். இரண்டையும் கூட்டினால் 72. கண்மணித் தூரம் 62. ஆக, ஒவ்வொரு கண்ணிலும் லென்ஸின் மையத்தை மூக்குப் பக்கமாக 5 மில்லிமீற்றர் நகர்த்த வேண்டும். அப்போது மையத்திலிருந்து காதுப்பக்க விளிம்புவரை 27உம் 5உம் சேர்ந்து 32 மில்லிமீற்றர் ஆகிறது.

மைனஸ் லென்ஸின் விளிம்பு, நடுவைவிட எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதை ஏறக்குறையக் காண ஒரு எளிய வழி உண்டு. மையத்திலிருந்து விளிம்புவரையான தூரத்தை மில்லிமீற்றரில் எடுத்து அதன் வர்க்கத்தைப் பவரால் பெருக்க வேண்டும். லென்ஸின் மூலப்பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்ணான ஒளிமுறிவுச் சுட்டியிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை 2000ஆல் பெருக்கி, வந்த தொகையால் முன்னையதைப் பிரிக்க வேண்டும். சுட்டி 1.50 உள்ள சாதாரண லென்ஸுக்கு இந்தப் பெரிய பிரேமில் 6.1 மில்லிமீற்றர் வருகிறது. விலை கூடிய 1.67 லென்ஸுக்கு 4.6 வருகிறது. குறைந்தது காற்பங்கு, பாதி அல்ல. இப்போது அதே மாணவி 48, 18 என்று எழுதிய சிறிய பிரேம் ஒன்றை எடுத்தால், நகர்த்த வேண்டியது 2 மில்லிமீற்றர் மட்டுமே. விளிம்புவரையான தூரம் 26. சாதாரண 1.50 லென்ஸிலேயே அந்தத் தடிப்பு 4.1க்கு வந்துவிடுகிறது. நடுத்தடிப்பில் 1.67 லென்ஸ் சற்று மெல்லியதாக வரும் என்பதைச் சேர்த்துக்கொண்டால், பெரிய பிரேமில் விலை கூடிய லென்ஸும் சிறிய பிரேமில் மலிந்த லென்ஸும் ஏறத்தாழ ஒரே விளிம்புத் தடிப்பில் நிற்கும். சிறிய பிரேமில் 1.67ஐயே போட்டால் அது 3 மில்லிமீற்றருக்கு இறங்கும். தூரம் வர்க்கமாக வருவதால்தான் பிரேம் இவ்வளவு ஆட்டம் காட்டுகிறது. பவர் கூடியவருக்கு மெல்லிய கண்ணாடி வேண்டுமானால் முதலில் பிரேமைத்தான் பார்க்க வேண்டும் என்பது மேசையில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். பதிவு எழுதுபவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை முழுதாகப் பதிவில் போடச் சொல்லவில்லை. ஆனால் ‘மைனஸ் 4க்கு மேல் உள்ளவர்கள் 50க்கு உட்பட்ட பிரேமைத் தெரிந்தால் விளிம்பு மெலியும், அத்தகைய பிரேம்கள் தனித் தட்டில் உள்ளன’ என்று எழுதிப் பாருங்கள். அந்தக் கடை தன் வேலை தெரிந்த கடை என்று படிப்பவருக்குத் தானாக விளங்கும். சுட்டி கூடக் கூட லென்ஸின் ஓரத்தில் நிறக்கோடு தெரியும் வாய்ப்பும் கூடும் என்பதையும் கேட்பவருக்கு மறைக்க வேண்டாம். மைனஸ் ஒன்று, ஒன்றரை உள்ளவருக்கு 1.67 விற்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது அவரவர் மனச்சாட்சி.

சற்று விலகி ஒரு வார்த்தை. வெயிலில் கறுக்கும் லென்ஸைப் பற்றிய பதிவுகளில் வரும் படம் பெரும்பாலும் குளிர்நாட்டுப் படம். அந்த லென்ஸ் புற ஊதாக் கதிர் பட்டுக் கறுப்பது. வெப்பம் கூடினால் அவ்வளவு கறுக்காது. சித்திரை வெயிலில் நம் ஊரில் அது படத்தில் காட்டிய கருமையை எட்டாது. காரின் முன்கண்ணாடிக்குப் பின்னாலும், தலைக்கவசத்தின் முகமறைப்பை இறக்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் போகும்போதும் புற ஊதா தடைப்படுவதால் கறுப்பது மிகக் குறைவு. வாங்கியவர் ‘பழுதான லென்ஸ் தந்துவிட்டார்கள்’ என்று திரும்பி வருவது இதனால்தான். இரண்டு வரி முன்னரே எழுதியிருந்தால் அந்த வாக்குவாதம் வந்திருக்காது.

புரோகிரெசிவ் லென்ஸோடு ‘விரும்பிய பிரேம் இலவசம்’ என்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. வெள்ளெழுத்து வந்தவருக்கு மேலே தூரமும், இடையில் கணினித் தூரமும், கீழே வாசிப்பும் ஒரே லென்ஸில் கோடின்றி வரும் இந்த வகை, இன்றைய வடிவில் 1959இல் பிரான்சில் சந்தைக்கு வந்தது. இன்றுவரை அதன் அடிப்படைத் தன்மை மாறவில்லை. பவர் மேலிருந்து கீழே படிப்படியாகக் கூட வேண்டும் என்றால், நடுவில் உள்ள ஒடுக்கமான வழியின் இரு பக்கங்களிலும் மங்கலான பகுதி வந்தே தீரும். விலை கூடிய வடிவமைப்பு அந்த மங்கலைப் பரவலாக்கி மென்மையாக்கும், இல்லாமல் ஆக்காது. ஆகவே ‘எல்லாத் தூரமும் தெளிவு’ என்று எழுதாமல், ‘எல்லாத் தூரத்துக்கும் இடமுண்டு, பக்கமாகப் பார்க்கும்போது தலையைத் திருப்ப வேண்டும், பழகச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகலாம், அதுவரை படியிறங்கும்போது கவனம்’ என்று எழுத வேண்டும்.

அந்த வழிக்குக் கீழ்நோக்கி இடம் வேண்டும். வழக்கமான வடிவமைப்புகளில் கண்மணியின் நடுவிலிருந்து பிரேமின் கீழ்விளிம்புவரை 18 மில்லிமீற்றர் அளவாவது வேண்டியிருக்கும். குறுகிய வழி கொண்டவை 14 மில்லிமீற்றரிலும் நிற்கும். இலவசத் தட்டில் இருப்பவற்றுள் பல ஒடுங்கிய பிரேம்கள். உயரம் 26 மில்லிமீற்றர் உள்ள ஒன்றை எடுத்தால், கண்மணி பொதுவாக நடுவுக்குச் சற்று மேலே நிற்பதால், கீழே 15 அல்லது 16 மில்லிமீற்றர்தான் மிஞ்சும். அதில் 18 கேட்கும் லென்ஸைப் பொருத்தினால் வாசிக்கும் பகுதியின் பெரும்பங்கு வெட்டுப்பட்டுத் தொழிற்சாலைத் தூசியாகப் போய்விடும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியை ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு நாடியை உயர்த்தி உயர்த்திக் கழுத்து நோவெடுத்து வருவார். கடையில் ‘பழகிவிடும் அக்கா’ என்று சொல்லி அனுப்புவார்கள். பழகாது, இல்லாத பகுதிக்கு யார் பழகுவது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. வாங்குபவர் பிரேமைத் தன் மூக்கில் சரியாக அமர்த்தி நேரே பார்க்க, எதிரே அதே உயரத்தில் அமர்ந்திருப்பவர் பிரேமில் உள்ள மாதிரி லென்ஸில் கண்மணியின் நடுவைப் பேனையால் புள்ளியிட வேண்டும். புள்ளியிலிருந்து கீழ்விளிம்புவரை அடிமட்டத்தால் அளக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் மூக்கின் நடுவிலிருந்து தூரத்தைத் தனித்தனியே எடுக்க வேண்டும். இரு கண்ணுக்கும் சேர்த்து ஓர் எண்ணை எடுத்துப் பாதியாக்கினால் முகம் சமச்சீரில்லாத பலருக்குப் பிழைக்கும். பிரேமைத் தெரியும் முன் இந்த அளவை எடுக்க முடியாது. அதனாலேயே வட்ஸ்அப்பில் பவர் எழுதிய துண்டின் படத்தை மட்டும் அனுப்பினால் புரோகிரெசிவ் செய்து வீட்டுக்கு அனுப்புவோம் என்று எந்தக் கடையும் பதிவிடக் கூடாது. சாதாரணத் தூரக் கண்ணாடிக்கு அது ஓரளவு ஓடும், இதற்கு ஓடாது.

இன்னொன்று. அதிக நேரம் கீழ்நோக்கி வாசிப்பவருக்கும் தைப்பவருக்கும், கோடு தெரிகின்ற பழைய ‘டீ’ பைஃபோக்கல் பல வேளைகளில் நல்லது. 28 மில்லிமீற்றர் அகலத்தில் மங்கலில்லாத வாசிப்புப் பகுதியை அது தருகிறது. கோட்டைக் கடக்கும்போது பிம்பம் ஒரு துள்ளல் துள்ளும், இடைத்தூரத்துக்கு அதில் இடமில்லை, குறை அவ்வளவுதான். பதிவுகளில் அது ஏதோ ஏழை உறவினர் போல ஒதுக்கப்படுவது லாபத்தால் வந்த வழக்கமே தவிர ஒளியியலால் வந்தது அல்ல.

‘இலவசம்’ என்ற சொல்லுக்கு நாட்டின் சட்டத்திலும் எல்லை உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி ஒருவர் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் விதத்தில் நடந்துகொள்வதைத் தடுக்கிறது. பிரேம் இலவசம் என்று போட்டுவிட்டு அதன் விலையை லென்ஸில் ஏற்றியிருந்தால், இதே லென்ஸ் தன் சொந்தப் பிரேமுக்கு என்ன விலை என்று வாங்குபவர் கேட்கும் ஒரே கேள்வியில் அது வெளியே வந்துவிடும். ஆகவே அந்த விலையையும் நீங்களே எழுதிவிடுங்கள். வீட்டில் நல்ல பிரேம் வைத்திருப்பவர் லென்ஸை மட்டும் மாற்ற வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கடைசியாக ‘முழுமையான கண் பரிசோதனை இலவசம்’. நான்கு வரிகளிலும் மெதுவாகக் கெடுதி செய்வது இதுதான். கடையில் கணினிக் கருவி தரும் எண், பவர் பார்ப்பதற்கான தொடக்கப் புள்ளி. சோதனைப் பிரேமில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, வாங்குபவர் வாயால் கேட்டுத்தான் அது முடிவாகும். பிள்ளைகள் கருவிக்குள் பார்க்கும்போது கண்ணைக் குவித்துவிடுவதால் மைனஸ் கூடுதலாகக் காட்டும். அதனால்தான் மருத்துவர் துளி விட்டுப் பார்க்கிறார். இவையெல்லாம் பவரை மட்டும் பற்றியவை. கண்ணழுத்த நோய் நெடுங்காலம் நடுப்பார்வையைத் தொடாமல் ஓரங்களைத் தின்றுகொண்டிருக்கும். நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பின் தொடக்கத்திலும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடலாம். ‘கடையில் முழுதாகப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை’ என்று நம்பி வீட்டில் இருந்துவிடுபவருக்கு, அந்த ‘முழுமையான’ என்ற ஒரு சொல் எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்கிட முடியாது.

நீங்கள் உண்மையில் செய்வதை எழுதுங்கள்: ‘கண்ணாடிப் பவர் பார்ப்பது இலவசம். இது கண்நோய்ப் பரிசோதனை அல்ல. நீரிழிவு உள்ளவர்களும், குடும்பத்தில் கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் கண் மருத்துவரிடம் தவறாமல் காட்டவும்.’ உங்கள் மேசையில் ஊசித்துளை வட்டு ஒன்று கிடக்கும். எந்த லென்ஸுக்கும் பார்வை ஏறாதவருக்கு அதைக் கண்முன் பிடித்துப் பாருங்கள். துளை வழியே பார்வை ஏறினால் பவர் இன்னும் சரியாக அமையவில்லை என்று பொருள். ஏறாவிட்டால் பெரும்பாலும் குறை பவரில் இல்லை, கண்ணில் இருக்கிறது. அவருக்குக் கண்ணாடி விற்காமல் போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்கோ தனியார் கண் மருத்துவரிடமோ அனுப்புவதுதான் முறை. இதை ஏற்கெனவே ஒழுங்காகச் செய்யும் கடைகள் இங்கே இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

இவ்வளவும் சொன்னபின் அந்தப் பதிவை நானே திருத்தி எழுதிக் காட்டாவிட்டால் முறையாகாது. விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உரிமை கோர மாட்டேன்.

‘எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுள்ள லென்ஸ்: இரவு விளக்குகளின் பிம்பம் குறையும். நீல ஒளியைக் குறைக்கும் வகையும் உண்டு. வெள்ளை சற்று மஞ்சளாகத் தெரியலாம். கண்களைப்பைத் தீர்க்கும் என்று உறுதி தர மாட்டோம். பவர் கூடியவர்களுக்கு 1.60, 1.67 லென்ஸ்கள், சிறிய பிரேமோடு சேர்த்தால் விளிம்பு இன்னும் மெலியும். புரோகிரெசிவ் லென்ஸோடு பிரேம் இலவசம். போதிய உயரமுள்ள பிரேம்கள் மட்டும், நேரில் அளவெடுத்த பின். சொந்தப் பிரேம் கொண்டுவருபவர்களுக்கு லென்ஸ் விலை தனியே தரப்பட்டுள்ளது. பவர் பார்ப்பது இலவசம். கண்நோய்க்கு மருத்துவரிடம் காட்டவும்.’

நீளம்தான், மேலே காட்டிய பதிவின் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். நீளம் கூடினால் ஒரு பகுதியைப் படத்தில் எழுதலாம். படத்தில் பிரேமின் உட்புற எண்ணும் தெரியும்படி எடுத்தால், வீட்டிலிருந்தே தன் பழைய பிரேமோடு ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வசதியாக இருக்கும்.

பதிவுகளுக்குக் கீழும் உள்பெட்டியிலும் வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பிள்ளைகளிடம் ஒன்றைத் தனியே கேட்டுக்கொள்கிறேன். ‘திடீரெனக் கண்முன் பூச்சிகள் பறக்கின்றன’, ‘மின்னல் அடிப்பது போல இருக்கிறது’, ‘ஒரு பக்கம் திரை விழுந்தது போல மறைக்கிறது’, ‘கண் சிவந்து நோகிறது, பார்வையும் மங்குகிறது’ என்று யாராவது எழுதி, ‘எந்த லென்ஸ் நல்லது’ என்று கேட்டால் விலைப்பட்டியலை அனுப்பாதீர்கள். ‘இது கண்ணாடிக்குரிய விடயம் இல்லை, இன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்’ என்று எழுதுங்கள். விழித்திரை கழன்றுவரும் ஒருவருக்கு ஒரு நாள் பிந்துவதும் பெரிய பிந்தல். இந்தப் பதிலை முன்கூட்டியே எழுதிக் கடைக் கைபேசியில் சேமித்துவைக்கும்படி உரிமையாளர்கள் பணிக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வரும் கேள்விக்கு அங்கே பதில் எழுதப்போவது வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களேயான ஒரு பிள்ளைதான்.

இப்படிக்கு,
கண்ணாடி பொருத்தும் மேசையில் நெடுங்காலம் இருந்த ஒருவர்,
யாழ்ப்பாணம்.